ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை: டர்பன் பகுதிச் சுகாதாரப் பணியாளர்கள் கேட்கும் முதலுதவிக் கேள்விகள்

கேள்வி: வீட்டுக்குப் போன இடத்தில் விபத்து என்றால் எந்த எண்ணுக்கு அடிப்பது? என்ன சொல்வது?

அரசு ஆம்புலன்ஸுக்கு 10177. செல்பேசியிலிருந்து 112 அடித்தாலும் இணைப்பு கிடைக்கும். முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: தெருப் பெயர், வீட்டு எண், பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளி அல்லது கடை. பாதியில் அழைப்பு அறுந்துபோனாலும் வண்டி எங்கே வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு நோயாளியின் வயது, மூச்சு விடுகிறாரா, பேசுகிறாரா, ரத்தம் நிற்கிறதா என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லுமுன் நீங்கள் போனை வைக்காதீர்கள்.

வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவரை வெளியே அனுப்பிக் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், நாயைக் கட்டச் சொல்லுங்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிற்பது நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பது. வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம் என்ற கணக்கில்தான் கீழே உள்ள பதில்கள் எல்லாம் இருக்கின்றன.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை மேசை விரிப்பை இழுத்ததில் கொதிக்கும் டீ மேலே கொட்டிவிட்டது. எங்கே தொடங்குவது?

துணியில் தொடங்குங்கள். சூடான டீயைக் குடித்த பனியனும் டயப்பரும் தோலை இன்னும் வேகவைத்துக் கொண்டிருக்கின்றன. டயப்பரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் தொடையிலும் இடுப்பிலும் பின்னால் பெரிய புண் தெரியவரும். இரண்டையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்காமல் சுற்றிலும் கத்தரித்துவிட்டு அப்படியே விடுங்கள். காப்பு, அரைஞாண், கழுத்துக் கயிறு எல்லாம் வீக்கம் வருமுன் போக வேண்டும்.

அடுத்தது குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், ஏனென்றால் குழந்தை அலறும்போது 3 நிமிடமே 20 நிமிடமாகத் தோன்றும். மேல்தோல் ஆறியபின்னும் அடியில் வெப்பம் தங்கியிருக்கும். அதை வெளியே எடுத்தால்தான் புண் ஆழமாகாமல் இருக்கும். சம்பவம் நடந்து 3 மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீர் இன்னும் பயன் தரும். ஆகவே நீங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் நீங்கள் ஊற்றுங்கள்.

ஐஸ் வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வெந்த தோலுக்கு வரவேண்டிய ரத்தத்தையும் தடுத்துவிடும். சின்னக் குழந்தைக்கு உடம்பே சில்லிட்டுப் போவது இன்னொரு ஆபத்து. தண்ணீர் புண்ணின்மேல் மட்டும் ஓடட்டும், மற்ற உடம்பை உலர்ந்த போர்வையால் மூடி அம்மா அணைத்துக்கொள்ளட்டும். நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டுச் சூடேற்றுங்கள்.

இனி அளவு. நோயாளியின் விரல்கள் சேர்த்த உள்ளங்கை அவர் உடம்பின் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். இங்கே எண்ணிப் பார்ப்போம். தாடையும் கழுத்தின் முன்பக்கமும் சேர்ந்து ஒரு கை, நெஞ்சில் மூன்று கை, இடது மேல்கையில் ஒன்றரை, வயிற்றில் அரை. மொத்தம் 6 சதவீதம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பணியாளர் தன் கையை வைத்து அளப்பது. பெரியவர் கை அந்தக் குழந்தையின் கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அதனால் அதே புண் 2 அல்லது 3 சதவீதமாகத் தெரிந்து, "சின்னதுதான்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். வெறுமனே சிவந்து, கொப்புளம் வராத இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தக் குழந்தை மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். 6 சதவீதம் என்பது ஒரு காரணம், கழுத்தும் முகமும் வெந்தது இன்னொரு காரணம். பெரியவரோ குழந்தையோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் புண் என்றாலும், கையையோ காலையோ வளையம்போலச் சுற்றி வெந்திருந்தாலும், மின்சாரம் அல்லது அமிலம் என்றாலும் அளவைப் பார்க்காமல் அனுப்புங்கள். வெளுத்தோ கருகியோ இருந்து தொட்டால் வலிக்காத புண் மிக ஆழமானது. வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

போகும் வழிக்கு மூட, சமையலறையில் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போதும். சுருளின் முதல் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்ததைப் புண்ணின்மேல் துண்டு துண்டாகப் பரப்புங்கள். கையைச் சுற்றிக் கட்டினால் வீங்கும்போது இறுகும். முகத்துக்கு இந்தத் தாள் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

வலிக்கு பாரசிட்டமால் கொடுக்க உங்கள் கிளினிக் அனுமதித்திருந்தால், கணக்கு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். புட்டியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 7.5 மில்லி. லேபிளைப் படித்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பாட்டி ஏற்கெனவே கொடுத்துவிட்டாரா என்றும் கேளுங்கள். கடைசி 6 மணி நேரத்தில் கொடுத்திருந்தால் மறுபடி வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் நின்றிருக்கும் நாளில் 20 நிமிடம் எப்படி ஊற்றுவது?

ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் இது அடிக்கடி வரும் கேள்விதான். ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் போதும். குழந்தையை ஒரு பேசினில் நிறுத்தி, குவளையால் மெதுவாக ஊற்றி, கீழே விழும் தண்ணீரை எடுத்தே மறுபடி ஊற்றலாம். வெதுவெதுப்பாகிவிட்டால் மாற்றுங்கள். தண்ணீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் போதும், கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொண்டிருக்க நேரமில்லை.

அதுவும் இல்லையென்றால் இரண்டு துணிகளை நனைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே துணியை விட்டுவிட்டால் ஓரிரு நிமிடத்தில் அது உடம்புச் சூட்டுக்கு வந்து, மேலே போட்ட போர்வை போல ஆகிவிடும்.

கேள்வி: டூத்பேஸ்ட், முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள் பூசினால் எரிச்சல் அடங்குகிறதே, அதில் என்ன தவறு?

எரிச்சல் கொஞ்சம் அடங்கலாம். ஆனால் பசை அடியில் இருக்கும் சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கிறது. பச்சை முட்டையில் கிருமி இருக்கும். மஞ்சள் பூசினால் புண்ணின் நிறம் மறைந்துவிடும், ஆழத்தை நிறம் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். மருத்துவமனையில் அதையெல்லாம் சுரண்டிக் கழுவ வேண்டியிருப்பதால் குழந்தைக்கு இரண்டாவது தடவையும் வலி.

வீட்டுப் பெரியவர்களிடம் "நீங்கள் செய்தது தப்பு" என்று தொடங்கினால் பேச்சு நின்றுபோகும். "ஆயா, முதல்ல தண்ணி ஊத்திடுவோம், மருந்து அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே குழாயைத் திறப்பதுதான் எங்களுக்குச் சரியாக வந்திருக்கிறது. 20 நிமிடம் கழித்து அந்த மஞ்சள் கேள்வியே எழாது. ஏற்கெனவே பூசியிருந்தால் ஓடும் தண்ணீர் கழுவுமளவு கழுவட்டும், தேய்க்காதீர்கள்.

கேள்வி: தீமிதித்தவருக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் கொப்புளம் இருக்கிறது, ஆனால் வலி இல்லை என்கிறார். வீட்டிலேயே பார்க்கலாமா?

கூடாது, அன்றே கிளினிக்குக்குப் போகவேண்டும். வலி இல்லாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: அம்மன் அருள், ஆழமான புண், சர்க்கரையால் மரத்துப்போன பாதம். முதலாவதை நாம் மறுக்க வேண்டியதில்லை, மற்ற இரண்டையும் சோதிக்கலாம். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, புண் இல்லாத விரல் நுனிகளை உங்கள் விரலால் மெல்லத் தொட்டு, தொடுகிறேனா என்று கேளுங்கள். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று இரண்டு பாதத்திலும் தொட்டால் ஆறு இடம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் உணரவில்லை என்றால் பாதம் மரத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் உணர்ந்தாலும் அவர் போகத்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட பாதத்தில் கொப்புளம் உடைந்து, அதன்மேல் வெறுங்காலோடு நடந்தால், சீழ் பிடிப்பது அவருக்கே தெரியாது. வீட்டார் கவனிக்கும்போது வாடைதான் முதலில் வரும். ஈஸ்டரை ஒட்டித் தீமிதி நடக்கும் மாரியம்மன் கோயில்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள், அடுத்த இரண்டு நாளும் தங்கள் பட்டியலில் உள்ள சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்றும் குறித்து அனுப்புங்கள்.

கேள்வி: சாப்பிடும்போது பெரியவர் ஒருவருக்கு இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கிவிட்டது. உடனே முதுகில் தட்டலாமா?

இருமுகிறாரா என்று முதலில் பாருங்கள். சத்தமாக இருமவும் பேசவும் முடிந்தால் தட்டாதீர்கள், அவருடைய இருமல் உங்கள் கையைவிட வலுவானது. பக்கத்தில் நின்று "இருமுங்க" என்று சொன்னால் போதும். தண்ணீர் கொடுக்காதீர்கள். சத்தம் வராமல், கை தொண்டைக்குப் போய், உதடு நீலமாகத் தொடங்கினால் தட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, அவரை நன்றாக முன்னால் குனியவையுங்கள். நிமிர்ந்து நிற்கிறவரைத் தட்டினால் துண்டு இன்னும் கீழே இறங்கலாம். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தடவை ஓங்கி அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின் வெளியே வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பின்னால் போய், தொப்புளுக்கு மேலும் நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழும் முஷ்டியை வைத்து, மற்றக் கையால் பிடித்து, உள்ளேயும் மேலேயும் 5 தடவை இழுங்கள். இப்படி ஐந்தும் ஐந்துமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கர்ப்பிணிக்கும், கை சுற்றி எட்டாத அளவு பருமனானவருக்கும் வயிற்றில் வேண்டாம், நெஞ்செலும்பின் நடுவில் அமுக்குங்கள்.

மயங்கி விழுந்தால் தரையில் படுக்கவைத்து நெஞ்சு அமுக்கத் தொடங்குங்கள், 30 அமுக்கலுக்கு 2 ஊதல். ஒவ்வொரு முறை ஊதுமுன்னும் வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள், தெரியாததைத் துழாவாதீர்கள். வயிற்றில் இழுத்துக் காப்பாற்றியவர் நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும், உள்ளுறுப்பில் அடிபட்டிருக்கலாம்.

பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு வாராவாரம் போகிறீர்கள் என்றால், சாப்பாட்டின்போது அடிக்கடி இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். அடுத்த மூச்சடைப்பு அங்கேதான் காத்திருக்கிறது.

கேள்வி: ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கும் இதே முறையா?

இல்லை, வயிற்றில் அமுக்கவே கூடாது, கல்லீரல் கிழியும். குழந்தையை முன்கைமேல் குப்புறப் படுக்கவைத்து, தலை உடம்பைவிடத் தாழ, தாடையை விரல்களால் தாங்கி, முதுகில் 5 தடவை தட்டுங்கள். தாங்கும் விரல்கள் தொண்டையின் மென்பகுதியை நெரிக்காமல் தாடை எலும்பில் இருக்கட்டும். பிறகு மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் 5 தடவை அமுக்குங்கள். இரண்டு விரலால் என்று கற்றவர்களும் இருக்கிறீர்கள். முக்கியம் ஆழம்தான்: நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். பயந்து பயந்து தொட்டால் காற்று கிளம்பாது.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், நழுவி விழுந்த குழந்தைகள் உண்டு.

கேள்வி: கத்திக்குத்து, தொடையில் ரத்தம் கொட்டுகிறது. துணி வைத்து அழுத்தியும் நிற்கவில்லை.

குத்தியவர் இன்னும் அங்கே இருந்தால் நீங்கள் உள்ளே போகவேண்டாம். இடம் பாதுகாப்பானபின்:

நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம், துணி காயத்தின் மேலே இருக்கிறது, ரத்தம் வரும் குழாய் அடியில் இருக்கிறது. மேலே மேலே துணியை அடுக்கினால் அது ரத்தத்தை உறிஞ்சுமே தவிர அடைக்காது. நனைந்ததை எடுத்துவிட்டு, கையுறை போட்ட விரலைக் காயத்துக்குள் விட்டு ரத்தம் பாயும் இடத்தைத் தேடுங்கள். சுத்தமான துணியின் நுனியை அங்கே வைத்து, விரல் விரலாகக் குழி நிறையும்வரை திணியுங்கள். அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, முழங்கையை நேராக்கி, உங்கள் எடையைக் கொடுத்து 10 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்ப்பதுதான் இதைக் கெடுப்பது, உறையத் தொடங்கியது பிய்ந்துபோகும். அக்குள், தொடை இடுக்கு, தோள் ஆகியவற்றுக்கும் இதே முறை. நெஞ்சிலும் வயிற்றிலும் எதையும் திணிக்கக் கூடாது. கத்தி உள்ளேயே நின்றால் பிடுங்காமல் சுற்றிலும் துணிச் சுருள் வைத்து அசையாமல் கட்டுங்கள்.

கை கால் காயத்தில் இதற்கும் அடங்கவில்லை, அல்லது பீறிட்டு அடிக்கிறது என்றால் இறுக்குப் பட்டை. காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர், மூட்டின்மேல் அல்ல. தயார்ப் பட்டை இல்லாதபோது துணியை 4 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் மடித்துச் சுற்றி முடிச்சிட்டு, மேலே மரக்கரண்டிக் காம்பை வைத்து இன்னொரு முடிச்சு. காம்பை முறுக்குங்கள், ரத்தம் நிற்கும்வரை. பிறகு காம்பு அவிழாமல் கட்டுங்கள். கயிறும் கம்பியும் தசையை வெட்டும். இடுப்புப் பெல்ட்டைப் பெரும்பாலும் போதிய அளவு இறுக்க முடியாது. பாதி இறுகிய பட்டை, பட்டையே இல்லாததைவிட மோசம்: திரும்பி வரும் ரத்தத்தை மட்டும் தடுத்து, உள்ளே போவதை விட்டுவிடுவதால் காயத்தில் ஒழுக்கு கூடும்.

வலியில் அவர் கத்துவார். அது பட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு எதிரான அறிகுறி அல்ல. கட்டிய நேரத்தைக் கையில் பேனாவால் எழுதுங்கள், "கொஞ்சம் ரத்தம் ஓடட்டும்" என்று நடுவில் தளர்த்தாதீர்கள். முகம் வெளுத்து, வியர்த்து, பேச்சு குழறினால் ரத்தம் நின்றபின்னும் அவர் ஆபத்தில்தான் இருக்கிறார். படுக்கவைத்துப் போர்த்துங்கள், குளிர்ந்த உடம்பில் ரத்தம் எளிதில் உறையாது.

கேள்வி: டயாலிசிஸ் போகிறவருக்குக் கையில் ஊசி குத்தும் இடத்தில் ரத்தம் பீறிடுகிறது. என்ன செய்வது?

மேலே சொன்னதற்கு இங்கே ஒரு விதிவிலக்கு. ஓட்டை சிறியது, அழுத்தம் பெரியது. தடித்த பஞ்சும் துண்டும் வைத்தால் அழுத்தம் பரவிப்போய்விடும். ஓட்டையின்மேல் ஒற்றை விரலை நேராக வைத்து அழுத்தி, கையை உயர்த்துங்கள். 10177-க்கு அழைக்கும்போது "டயாலிசிஸ் ஃபிஸ்டுலாவில் ரத்தப்போக்கு" என்று சொல்லுங்கள், நிமிடங்களில் உயிர் போகக்கூடியது என்பது அவர்களுக்குப் புரியும். விரலுக்கும் அடங்காவிட்டால் அந்த இடத்துக்கு மேலே, தோள் பக்கமாக, இறுக்குப் பட்டை போடத் தயங்காதீர்கள். ஃபிஸ்டுலா கெட்டுப்போகலாம், உயிர் முக்கியம்.

இது பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும். அந்த இடத்தில் தோல் மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு ஆறாமல் இருந்தாலோ, முந்தைய நாளில் சொட்டு ரத்தம் வந்து தானாக நின்றிருந்தாலோ அன்றே டயாலிசிஸ் பிரிவுக்குத் தெரிவிக்கவேண்டும்.

கேள்வி: கையுறை இல்லாத நேரத்தில் ரத்தம் பட்டுவிட்டது. எச்.ஐ.வி பயமாக இருக்கிறது.

கையுறை இல்லையென்றால் ரொட்டிப் பையை, கடைப் பையைக் கையில் மாட்டுங்கள், அல்லது காயம்பட்டவர் தன் கையாலேயே அழுத்தட்டும். வெட்டில்லாத தோலில் பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். உங்கள் கையில் காயம் இருந்து அதில் பட்டாலோ, கண்ணிலோ வாயிலோ தெறித்தாலோ, கழுவிவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போய்த் தடுப்பு மாத்திரை கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், ஆனால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது எவ்வளவோ மேல். நாளைக் காலைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: விழுந்ததில் முன்கை வளைந்து தெரிகிறது. நேராக்கிக் கட்டலாமா?

இருக்கிற கோணத்திலேயே கட்டுங்கள். இழுத்தால் எலும்பு முனை நரம்பையோ ரத்தக் குழாயையோ கீறலாம். மோதிரம், வளையலை முதலில் எடுங்கள். ஒரு செய்தித்தாள் கட்டை அல்லது அட்டைப்பெட்டித் துண்டை முழங்கையிலிருந்து விரல் அடிவரை வையுங்கள். முறிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் இரண்டும் அசையாமல் இருந்தால்தான் கட்டு. இடைவெளிகளைத் துணியால் நிரப்பி, முறிவின்மேல் படாமல் இரு பக்கமும் கட்டி, துப்பட்டாவில் தொட்டில்போல் கழுத்தில் மாட்டுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் ஈரத் துணியால் மூடுங்கள்.

கட்டுமுன்னும் கட்டியபின்னும் விரல்களைப் பாருங்கள். நகத்தை அமுக்கி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கறுத்த தோலில் நகத்தைப் பார்ப்பதே எளிது, சந்தேகம் வந்தால் மற்றக் கையோடு ஒப்பிடுங்கள். விரல் மரத்து, குளிர்ந்து, நிறம் திரும்பாமல் போனால் கட்டைத் தளர்த்துங்கள். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும், வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி எழுந்து நிற்க முயல்கிறார். தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கலாமா?

முதலில் காலைப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பி இருந்தால் இடுப்பருகே தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படித் தெரியாமல், வலியோடு நடக்கவே முடிகிறவர்களுக்கும் முறிவு இருந்ததுண்டு. தூக்கவேண்டாம், விழுந்த இடத்திலேயே இருக்கட்டும். ஈரத் துணியை மாற்றி, அடியில் போர்வையை நுழைத்து, இரண்டு கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, நல்ல காலோடு முறிந்த காலைத் தொடையிலும் கணுக்காலிலும் அகலத் துணியால் சேர்த்துக் கட்டுங்கள்.

ஏன் விழுந்தார் என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள். தலை சுற்றியதா, காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாரா? சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, விழித்திருந்து விழுங்கவும் முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மற்றபடி அறுவை இருக்கலாம் என்பதால் சாப்பாடு வேண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு அனுப்புங்கள், அதில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் இருந்தால் ஆம்புலன்ஸ்காரரிடம் வாயாலும் சொல்லுங்கள். விழும்போது தலையும் இடித்திருந்தால் அந்த ஒரு தகவல்தான் மருத்துவமனையில் அவரை எவ்வளவு விரைவாக ஸ்கேனுக்கு அனுப்புவார்கள் என்பதைத் தீர்மானிக்கும்.